கோபத்தில் வந்த டிக்கெட்டுக்கு ஒரு பதில்

மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு வாடிக்கையாளர் எழுதும் ஒவ்வொரு புகாரும் ஓர் எண்ணோடு பதிவாகிறது. அதைத்தான் டிக்கெட் என்கிறார்கள். புகார் எப்போது வந்தது, யார் என்ன பதில் எழுதினார்கள், பிரச்சினை தீர்ந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். முதல் டிக்கெட் பெரும்பாலும் நிதானமாகத்தான் வரும். எழுதியும் தீரவில்லை, மறுபடி எழுதியும் தீரவில்லை என்ற நிலையில் வரும் மூன்றாவது டிக்கெட்டில்தான் சூடு ஏறியிருக்கும். அதற்குப் பதில் எழுத உட்காருபவர், எப்படிப் பணிவாக எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், வந்ததை வரிவரியாகப் படிக்க வேண்டும். கோபத்தில் எழுதுபவர் எதையும் மறைப்பதில்லை. பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாவற்றையும் திட்டோடு திட்டாகக் கொட்டிவிடுகிறார்.

ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள்வோம். இணையம் வழியாக இயங்கும் பில்லிங் மென்பொருளை அந்தக் கடை வருடச் சந்தாவில் பயன்படுத்துகிறது. கடைக்காரர் அனுப்பிய மூன்றாவது டிக்கெட் இப்படி இருக்கிறது:

“மூணாவது தடவையா எழுதுறேன். காலைல கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டா உங்க சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகல. இங்கிலீஷ்ல ஏதோ எரர் காட்டுது. போட்டோ எடுத்து மொத தடவையே அனுப்பிட்டேன். கேஷ் கிளியர் பண்ணுங்கன்னீங்க, பண்ணேன். வேற பிரவுசர்ல போங்கன்னீங்க, போனேன். ஒண்ணும் ஆகல. நேத்து பக்கத்துக் கடைப் பையன் வந்து ஏதோ செஞ்சான், ராத்திரி கடையடைக்கிற வரைக்கும் நல்லா ஓடுச்சு. இன்னைக்குக் காலைல மறுபடி அதே கதை. போன்ல மட்டும் வருது. பேங்க் சைட்டும் இதே மாதிரி மக்கர் பண்ணுது. கவுன்டர்ல ஆளுங்க நிக்கிறாங்க, கையால பில் எழுதிட்டிருக்கேன். வருஷா வருஷம் பணம் கட்டுறது இதுக்குத்தானா? அங்க ஒரு ஆளுக்காவது விஷயம் தெரியுமா?”

கடைசி இரண்டு கேள்விகள் மனதைத் தைக்கும். பதில் எழுதுபவரின் கண் அங்கேயே நின்றுவிட்டால், மேலே இருக்கும் நான்கு செய்திகள் தப்பிப்போகும். போனில் திறக்கிறது என்பது முதல் செய்தி. அப்படியானால் மென்பொருள் நிறுவனத்தின் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பேங்க் தளமும் திறக்கவில்லை என்பது இரண்டாவது. பழுது இந்த ஒரு மென்பொருளோடு சேர்ந்ததல்ல, கணினியில் இருக்கிறது. பிரவுசரை மாற்றியும் தீரவில்லை என்பதால் பிரவுசரும் காரணமல்ல. நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். யாரோ சரிசெய்தார், இரவு வரை ஓடியது, காலையில் மறுபடி கெட்டது. அப்படியென்றால் பகலில் செய்த மாற்றம் எதுவோ இரவில் அழிந்துபோகிறது.

போட்டோவையும் திறந்து பார்க்க வேண்டும். முதல் டிக்கெட்டோடு வந்த அதை, முன்பு பதில் எழுதிய இருவரும் திறக்கவில்லை என்றே தோன்றுகிறது. திறந்திருந்தால் கேஷை அழிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். குரோம் பிரவுசர் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே Your clock is behind என்று எழுதியிருக்கிறது. கணினியின் தேதியையும் நேரத்தையும் அதற்குக் கீழேயே காட்டுகிறது: 2019 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடம். அடியில் சிறிய எழுத்தில் NET::ERR_CERT_DATE_INVALID என்ற குறியீடு.

தேதி தவறானால் இணையதளம் ஏன் திறக்க மறுக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். https என்று தொடங்கும் ஒவ்வொரு தளமும், தான் இன்னார்தான் என்று காட்ட ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்று அதிலேயே குறித்திருக்கும். பலரும் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள்தான். பிரவுசர் அந்த இரண்டு தேதிகளையும் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2019-ஐக் காட்டினால், போன மாதம் வழங்கிய சான்றிதழ் அதன் கணக்குப்படி இன்னும் நடைமுறைக்கே வராதது. அதனால் தளத்தைத் திறக்காமல் தடுத்துவிடுகிறது. அநேகமாக எல்லாத் தளங்களும் இப்போது https என்பதால், கடைக்காரருக்கு இணையமே முடங்கிவிட்டது போலத் தெரிகிறது.

அது ஏன் 2019? ஏன் காலையில் மட்டும்? கணினியின் மதர்போர்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது CR2032 என்ற வகை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான். கணினியை அணைத்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்துக்கு அங்கிருந்தே சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால் பேட்டரி தீர்ந்துபோனதே தெரியாது. இந்தக் கடையிலோ இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறார்கள். கடிகாரத்துக்கு அப்போது வேறு ஆதாரம் கிடையாது. காலையில் மெயினைப் போட்டதும், மதர்போர்டைத் தயாரித்தவர்கள் வைத்த தொடக்கத் தேதியிலிருந்து அது எண்ணத் தொடங்குகிறது. இந்தத் தொடக்கத் தேதி போர்டுக்குப் போர்டு மாறும். போட்டோவில் தெரிந்த ஆறு நிமிடம் என்பது, மெயின் போட்டு ஆறு நிமிடம் கழித்து கடைக்காரர் படம் எடுத்திருக்கிறார் என்பதன் கணக்கு.

தேதியை இணையத்திலிருந்து வாங்கித் தானாகவே திருத்திக்கொள்ள விண்டோஸில் வசதி உண்டு. ஆனால் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். தனியாக இயங்கும் கணினிகளில் அது வழக்கமாக 54,000 நொடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதைத் தாண்டினால் விண்டோஸ் தன்போக்கில் கடிகாரத்தைத் தள்ளிவைக்காது. கட்டளையாகக் கொடுத்தாலும், திருத்த வேண்டிய அளவு மிகப் பெரியது என்று மறுத்துவிடக்கூடும். முதலில் கையால் இன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டியிருப்பது இதனால்தான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய பதில் இது:

“வணக்கம் சார்.

உங்கள் மூன்று டிக்கெட்டையும், முதலில் அனுப்பிய போட்டோவையும் பார்த்தேன். காரணம் அந்தப் போட்டோவிலேயே இருக்கிறது. முதல் நாளே நாங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் கேஷ், பிரவுசர் என்று உங்களை இரண்டு முறை அலையவிட்டது எங்கள் தவறு. மன்னிக்கவும்.

உங்கள் கம்ப்யூட்டரின் தேதி 2019 ஜனவரி 1 என்று இருக்கிறது. மருந்து அட்டையில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருப்பது போல ஒவ்வொரு இணையதளத்துக்கும் இரண்டு தேதி உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அந்த இரண்டுக்கும் நடுவில் இல்லாவிட்டால் தளம் திறக்காது. பேங்க் சைட் திறக்காததற்கும் இதேதான் காரணம். உங்கள் பில், ஸ்டாக் கணக்கு எல்லாம் எங்கள் சர்வரில் பத்திரமாக இருக்கிறது.

கவுன்டரில் ஆள் நின்றால் இப்போதைக்குப் போனிலேயே பில் போடுங்கள். கணக்கு ஒன்றாகவே சேரும். கொஞ்சம் ஓய்ந்ததும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

1. திரையின் வலது கீழ் மூலையில் நேரம் தெரியும் இடத்தில் மௌஸின் வலது பட்டனை அழுத்துங்கள். ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் Adjust date என்று தொடங்கும் வரியை அழுத்துங்கள். Date & time என்ற பக்கம் திறக்கும்.

2. அந்தப் பக்கத்தில் Set time automatically என்பதற்கு எதிரே ஒரு சுவிட்ச் இருக்கும். அது On என்று இருந்தால் Off ஆக்குங்கள்.

3. அதற்குக் கீழே Change என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தி இன்றைய தேதி, மாதம், வருடம், நேரம் ஆகியவற்றை வைத்து, அந்தப் பெட்டியில் இருக்கும் Change-ஐ அழுத்துங்கள். காலையா மாலையா என்பதற்கு AM, PM சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடித்ததும் திரையின் மூலையில் இன்றைய தேதி தெரிய வேண்டும்.

4. Time zone என்ற இடத்தில் (UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi என்று இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மூலையில் நேரத்தை ஒருமுறை பாருங்கள். மாறியிருந்தால் 3-ஐத் திரும்பச் செய்யுங்கள்.

5. Set time automatically-ஐ மறுபடி On ஆக்குங்கள். மூலையில் தேதி இன்றைய தேதியாகவே நிற்க வேண்டும்.

6. குரோமை முழுவதும் மூடித் திறந்து எங்கள் தளத்துக்குப் போங்கள். லாகின் பக்கம் வரும்.

எந்த எண்ணில் தடைபட்டாலும் அந்த எண்ணை மட்டும் எழுதி, திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதைச் செய்தால் இன்று முழுவதும் ஓடும். ஆனால் இரவில் மெயினை அணைத்தால் நாளைக் காலையில் தேதி மறுபடி 2019-க்குப் போய்விடும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதை மாற்றினால்தான் நிரந்தரமாகத் தீரும். உங்களுடையது மேசைக்குக் கீழே வைக்கும் பெட்டி மாதிரியா, லேப்டாப்பா என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்குத் தகுந்த வழியை அனுப்புகிறேன்.

இந்த டிக்கெட்டை நானே வைத்திருக்கிறேன். நாளைக் காலை 10 மணிக்கு உங்களுக்கு எழுதுகிறேன்.”

கீழே எழுதியவரின் பெயர் இருக்கும். உதவிக் குழு என்ற பொதுப் பெயரில் போகும் பதிலை வாங்குபவர், அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்குமோ என்றுதான் நினைப்பார்.

இந்தப் பதிலில் மன்னிப்பு ஒரே இடத்தில்தான் வருகிறது. எதற்காக என்பதையும் அதுவே சொல்கிறது: போட்டோவைப் பார்க்கவில்லை, இரண்டு முறை அலையவிட்டோம். தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம் என்ற அச்சடித்த வரி இதைச் செய்யாது. அதை வாசிப்பவருக்கு, தன் டிக்கெட்டை இவர்கள் படித்தார்களா என்ற சந்தேகம் இன்னும் கூடும். பொறுமை என்பது இனிமையான சொற்களில் தெரிவதைவிட, அவர் எழுதிய பேங்க் சைட்டும் பக்கத்துக் கடைப் பையனும் பதிலில் கணக்கில் வந்திருக்கிறார்களா என்பதில்தான் தெரிகிறது. அங்கே ஒரு ஆளுக்காவது விஷயம் தெரியுமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுதவே இல்லை. எழுதவும் தேவையில்லை. காரணத்தைச் சரியாகச் சொன்ன இடத்திலேயே அந்தக் கேள்வி முடிந்துவிட்டது.

கணக்கு பத்திரமாக இருக்கிறது என்ற வரியைக் கடைக்காரர் கேட்கவில்லை. ஆனால் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை என்றால் எந்தக் கடைக்காரருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம் அதுதான். கோபத்தில் பாதி அந்தப் பயத்திலிருந்து வருவது. கேட்காமலேயே அதைத் தணிப்பது நல்ல பதிலின் வேலை. அதேபோல, வரிசையில் நிற்கும் ஆட்களுக்கு என்ன செய்வது என்பதைப் படிகளுக்கு முன்னாலேயே சொல்லியாயிற்று. கவுன்டரில் நான்கு பேர் நிற்கும்போது ஆறு படிகளை யாராலும் நிதானமாகச் செய்ய முடியாது.

படிகளை எழுதிய விதத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம். ஒவ்வொரு எண்ணும் ஒரு சிறு வேலையோடு நிற்கிறது. பெரும்பாலானவற்றில், அதைச் செய்ததும் திரையில் என்ன தெரியும் என்பதும் சேர்ந்திருக்கிறது. சரியாகத்தான் போகிறோம் என்பதை வாசிப்பவர் தானே உறுதிசெய்துகொள்ள அது வேண்டும். பட்டன்களின் பெயரைத் தமிழாக்காமல் திரையில் இருக்கும்படியே கொடுத்திருக்கிறது. தேதியைத் தானாக அமை என்று எழுதினால், அப்படி ஒரு பட்டனை ஆங்கிலத் திரையில் அவர் தேடிக்கொண்டே இருப்பார்.

முதல் படியில் Adjust date என்று தொடங்கும் வரி என்று சுற்றிவளைத்து எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் அந்த வரி Adjust date/time, விண்டோஸ் 11-இல் Adjust date and time. கடைக்காரரிடம் இருப்பது எது? லாகின் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், இரண்டு விண்டோஸுமே தளங்களிடம் தம்மை Windows NT 10.0 என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. வாடிக்கையாளரிடமே கேட்டால் ஒரு பதில் போய் ஒரு பதில் வர அரை நாள் ஆகிவிடும். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே சலித்திருப்பவரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு நாளை எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்தப் பதிலில் ஒரே கேள்விதான் இருக்கிறது: பெட்டியா, லேப்டாப்பா.

கட்டளைச் சாளரத்தைத் திறக்கச் சொல்லவும் இல்லை. நேரத்தை உடனே ஒத்திசைக்கத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தட்டுவது இந்த ஒரு வரி:

```
w32tm /resync
```

நிர்வாகி உரிமையோடு சாளரத்தைத் திறந்து, அதில் எழுத்துப் பிசகாமல் தட்டி, வருகிற ஆங்கிலச் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கடை கவுன்டரில் இதைக் கேட்பது நியாயமில்லை. தேதி எட்டாத தூரத்தில் இருந்தால் இந்தக் கட்டளையும் மறுக்கப்படலாம் என்பது மேலே பார்த்ததுதான்.

பதிலில் வேண்டுமென்றே விட்ட இன்னொன்றும் உண்டு. இது மாதிரி எச்சரிக்கைப் பக்கங்கள் சிலவற்றில் Advanced என்பதை அழுத்தினால், ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே போக ஒரு வழி இருக்கும். அவசரத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். பில் போட்டுவிடலாம், உடனடியாகக் கோபமும் தணியும். ஆனால் இதே கடைக்காரர் நாளைக்குப் பேங்க் தளத்திலும் அதையே அழுத்துவார். அங்கே வரும் எச்சரிக்கை உண்மையாகவே போலித் தளத்தைப் பற்றியதாக இருந்தால் கடவுச்சொல் போய்விடும். இந்த வழியைச் சொல்லித்தருவது உதவி ஆகாது.

நாளைக் காலையில் மறுபடி கெடும் என்று முன்கூட்டியே சொன்னதுதான் இந்தப் பதிலில் எழுதக் கூச்சம் தரும் வரி. பாதிதான் தீர்த்தோம் என்று நாமே எழுதுவது போல இருக்கும். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டு, மறுநாள் காலையில் 2019 திரும்ப வந்து நின்றால், நான்காவது டிக்கெட் எந்த மொழியில் வரும் என்பதை ஊகிக்கலாம். சொல்லிவைத்திருந்தால் அதே காட்சி, காரணத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சியாக மாறிவிடுகிறது. பேட்டரிதான் என்று அடித்துச் சொல்லாமல், நினைக்கிறேன் என்று எழுதியிருப்பதும் சரி. பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை அது ஊகம்தான்.

அரை மணியில் கடைக்காரரிடமிருந்து ஒரு வரி வருகிறது: “3. சேஞ்ச் பட்டன் மங்கலா இருக்கு, அமுக்க முடியல.” கோபம் இறங்கியிருக்கிறது, எண்ணையும் கேட்டபடியே குறிப்பிட்டிருக்கிறார். Set time automatically On நிலையில் இருக்கும்வரை Change பட்டன் மங்கலாகத்தான் கிடக்கும். இரண்டாவது படி விட்டுப்போயிருக்க வேண்டும். மேலே சொன்னேனே என்று தொடங்கும் பதில் இங்கே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தேவை இரண்டு வரிதான்: “அந்தப் பட்டனுக்கு மேலே இருக்கும் Set time automatically சுவிட்ச் Off ஆனதும் Change தெளிவாகிவிடும் சார். அப்போதும் மங்கலாகவே இருந்தால் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.” படி 2-இல் Off ஆக்கியதும் Change பட்டன் தெளிவாகும் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அடுத்த கடைக்காரருக்குப் போகும் பதிலில் அது சேர வேண்டும்.

பேட்டரியைப் பற்றிய இரண்டாவது பதில் தனியாகப் போகிறது. பெட்டி வகைக் கணினிதான் என்று தெரிந்த பிறகு எழுதியது அது. CR2032 பேட்டரி கைக்கடிகாரக் கடையிலும் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், விலை அதிகமில்லை. கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பின்னாலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகக் கூட்டல் குறியும் எழுத்தும் உள்ள பக்கம்தான் வெளியே தெரியும். பிடித்திருக்கும் சின்ன உலோகக் கொக்கியை நகர்த்தினால் பேட்டரி மேலெழும்பும். புதியதை அதே பக்கமாக வைத்து மெல்ல அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். முதல் முறை போடும்போது கறுப்புத் திரையில் CMOS என்ற சொல்லோடு ஒரு செய்தி வந்து F1 அழுத்தச் சொல்லலாம். பழைய அமைப்புகள் அழிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள், கணினி கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அதன் பிறகு தேதியை மேலே சொன்னபடி ஒருமுறை வைத்தால் போதும்.

பெட்டியைத் திறக்கத் தயங்குபவரை வற்புறுத்தக் கூடாது. பக்கத்துக் கணினிக் கடையில் போய், சிமாஸ் பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொன்னால் போதும் என்று எழுதிவிடலாம். லேப்டாப்பாக இருந்தால் அந்த ஒரு வழிதான். பலவற்றில் பேட்டரி கம்பியோடு சேர்ந்து உள்ளே ஆழமாக இருக்கும். பேட்டரி வாங்கும்வரை இரவில் மெயினை அணைக்காமல் விட்டாலும் கடிகாரம் ஓடும் என்பதையும் சொல்லலாம். ஆனால் மருந்துக்கடையில் பாதுகாப்புக்காகவே மெயினை அணைக்கிறார்கள் என்றால் அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல உதவிப் பிரிவுக்கு இடமில்லை.

எச்சரிக்கைப் பக்கம் வந்தாலே கடிகாரம்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. மூலையில் தேதி சரியாக இருந்து, ஒரே ஒரு தளம் மட்டும் போனிலும் கணினியிலும் இதே குறியீட்டைக் காட்டினால், அந்தத் தளத்தின் சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருக்கலாம். அது பில்லிங் தளமாகவே இருந்தால் வாடிக்கையாளர் செய்ய எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில்தான் பழுது, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று உடனே எழுத வேண்டும். குறியீடு NET::ERR_CERT_AUTHORITY_INVALID என்று இருந்தால் கதை வேறு. சான்றிதழை வழங்கியவரைப் பிரவுசர் நம்பவில்லை என்று பொருள். வைரஸ் தடுப்பு மென்பொருளோ இடையில் இருக்கும் வேறு எதுவோ காரணமாக இருக்கலாம். அங்கே தேதியை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. வாடிக்கையாளரிடம் எரர் வந்தது என்ற தகவலோடு நின்றுவிடாமல், அந்தச் சிறிய எழுத்துக் குறியீடு தெரியும்படி படம் கேட்பது இதற்காகத்தான்.

கடிகாரம் இரவுக்கு இரவு சில மணி நேரம் மட்டும் பின்தங்கும் கட்டமும் உண்டு. பேட்டரி முழுவதும் தீராமல் வலுவிழந்து வரும்போது அப்படி நடக்கும். அப்போது தளங்கள் தடையில்லாமல் திறந்துகொண்டிருக்கும், ஏனென்றால் சான்றிதழின் தேதிகளுக்கு அந்தச் சில மணி நேரம் பொருட்டல்ல. காலையில் மூலையில் தெரியும் நேரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது எழுதினால், அந்தக் கட்டத்திலேயே பேட்டரியை மாற்றச் சொல்லிவிடலாம்.

இனி டிக்கெட்டை மூடுவது. ஆறு படிகளும் முடிந்து, லாகின் பக்கம் வந்துவிட்டது என்று கடைக்காரர் மாலையில் எழுதுகிறார். தீர்ந்தது என்று குறித்து மூடிவிடப் பல உதவிப் பிரிவுகளில் கை பரபரக்கும். மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஊழியரின் வேலையை அளக்கிறார்கள் என்றால் அந்த அவசரம் இயல்பு. ஆனால் இந்தப் பழுது இரவில் வருவது. பகலில் ஓடியது எதற்கும் அத்தாட்சி அல்ல. பக்கத்துக் கடைப் பையன் சரிசெய்த நாளிலும் மாலை வரை ஓடத்தான் செய்தது. எனவே டிக்கெட்டின் நிலை காத்திருப்பில் இருக்கிறது. மறுநாள் காலை 10 மணிக்கு, சொன்னபடி ஒரு வரி போகிறது: இன்று மெயின் போட்டதும் மூலையில் எந்தத் தேதி தெரிந்தது? அன்று 2019 என்றே பதில் வருகிறது. கடைக்காரர் இந்த முறை தேதியைத் தானே வைத்துக்கொண்டு பில் போடத் தொடங்கியும் விட்டார். பேட்டரி மதியம் வாங்குவதாக எழுதியிருக்கிறார். பேட்டரி மாறி, ஒரு இரவு மெயின் அணைந்து, மறுநாள் காலையில் சரியான தேதி தெரிகிறது என்று அவர் எழுதிய பிறகே டிக்கெட் மூடப்படுகிறது. காரணம், மாற்றிய பேட்டரியின் வகை, பொருந்தாத இரண்டு பழைய பதில்கள் எவை என்பதெல்லாம் உள்குறிப்பில் ஏறுகின்றன. அடுத்த முறை வேறொரு கடையிலிருந்து, காலையில் மட்டும் திறக்கவில்லை என்று முதல் டிக்கெட் வரும்போது, பதில் எழுதுபவர் தேடிப்பார்க்க அந்தக் குறிப்பு இருக்கும்.